கதையைத் திருப்பிச் சொல்லும் பாத்திர ஆய்வுக்கு எத்தனை மதிப்பெண்? திருத்தும் வழிகள் ஒப்பீடு

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பாத்திரப் படைப்பை ஆராயச் சொல்லி 20 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. முதல் விடைத்தாள் மூன்று பக்கம், அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ். அரசி ஊடி எழுந்து போனது, அவளைத் தேடி அரசன் போனது, வழியில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டது, காவலரிடம் ஆணையிட்டது, கோவலன் வெட்டுண்டது, கண்ணகி அவைக்கு வந்தது, சிலம்பு உடைந்தது, அரசன் உயிர் விட்டது என எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஒரு தவறும் இல்லை. ஆனால் பாண்டியன் எப்படிப்பட்டவன், ஏன் அப்படி நடந்துகொண்டான், அவன் பேச்சு அவனை எப்படிக் காட்டுகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் எதுவும் கண்ணில் படவில்லை.

இதற்கு 13 போடலாமா, 5 போடலாமா என்ற குழப்பம் திருத்துகிறவர் எல்லோருக்கும் வரும். எழுதியது முழுக்க உண்மை, உழைப்பும் தெரிகிறது, கேட்டதுதான் கிடைக்கவில்லை. பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றைத்தான் பின்பற்றுகிறோம்: முழுவதையும் படித்து ஒரே எண் போடுவது, கதை சொன்னதற்காகக் கழிப்பது, ‘கதை மட்டும் என்றால் இதற்கு மேல் இல்லை’ என்று வரம்பு கட்டுவது, கூறு கூறாகப் பிரித்துப் போடுவது. மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்து எழுதவைப்பது ஐந்தாவது வழி. எது சரி என்பதை ஒரு விடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்று விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

எது கதை, எது ஆய்வு

எந்த வழியில் திருத்தினாலும் முதலில் வாக்கியங்களை அடையாளம் காண வேண்டும். பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘க’, ‘நோ’, ‘மொ’ என்று குறித்துக்கொண்டே போவது எளிய முறை. அடுத்து என்ன நடந்தது என்று மட்டும் சொல்லும் வாக்கியம் ‘க’. பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று சொல்வது ‘நோ’. அந்தப் பாத்திரம் ஆளும் சொல்லையோ, அதைப் பற்றிக் கவிஞர் ஆளும் சொல்லையோ எடுத்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது ‘மொ’. மூன்று பக்க விடைக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். பத்துத் தாள் திருத்திய பிறகு கண்ணே பிரித்துக்கொள்ளும்.

வாக்கியத்தைப் பார்க்காமலே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பத்திகளின் முதல் சொற்களை மட்டும் படியுங்கள். ‘பிறகு’, ‘அப்போது’, ‘இதைக் கேட்ட மன்னன்’, ‘அதன்பின்’ என்று போனால் அந்த விடையை நடத்திச் செல்வது காலவரிசைதான். இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் இடம் மாற்றிப் பாருங்கள். கதை சொல்லும் விடை உடனே குழம்பிப்போகும்; கருத்தை வைத்துக் கட்டிய விடை பெரும்பாலும் தாங்கும்.

திருத்துகிறவரை ஏமாற்றும் வாக்கியங்கள் இரண்டு வகை. ஒன்று, பண்புப் பெயர் ஒட்டுவது: ‘பாண்டியன் நேர்மையானவன், ஆனால் அவசரக்காரன்.’ பார்க்க ஆய்வு போல இருக்கும். பின்னால் எதுவும் வராவிட்டால் அது ஒட்டிய சீட்டு மட்டுமே. மற்றொன்று, மேற்கோளை அலங்காரமாக வைப்பது: ‘“யானோ அரசன் யானே கள்வன்” என்ற வரி நெஞ்சை உருக்குகிறது.’ மிகப் பொருத்தமான வரியை எடுத்திருக்கிறார், ஆனால் அதற்குள் நுழையவில்லை. உருக்குகிறது என்பது படித்தவரின் உணர்ச்சி. பாண்டியனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் ‘நோ’, ‘மொ’ என்று தாராளமாகக் குறித்துவிட்டால் பிறகு எந்த முறையும் காப்பாற்றாது.

உள்ளே நுழைவது என்றால் என்ன? கொலைக்களக் காதையில் பாண்டியன் இடும் ஆணை: ‘தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.’ இதில் ‘ஆகில்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தச் சிலம்பு அவன் கையில் இருந்தால்தான் தண்டனை. ஆக, அரசன் நீதியை முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் நிபந்தனை நிறைவேறுமுன்பே அந்த மனிதனைக் ‘கள்வன்’ என்று, அதுவும் ‘கன்றிய கள்வன்’, களவிலே பழகிப்போனவன் என்று பெயரிட்டுவிட்டான். கேள்வியும் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில். அதே சொல்லை வழக்குரை காதையிலும் சொல்கிறான்: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.’ கடைசியில் அந்தச் சொல் தன்மேலேயே திரும்புகிறது: ‘யானோ அரசன் யானே கள்வன்.’ முன்னதில் ஓகாரம் ஐயமாக, மறுப்பாக நிற்கிறது. பின்னதில் ஏகாரம் உறுதியாக நிற்கிறது. பிறனுக்கு ஆராயாமல் கொடுத்த பெயரை ஆராய்ந்த பிறகு தனக்கே கொடுத்துக்கொள்கிறான். இவ்வளவும் எழுத வேண்டும் என்று மாணவரிடம் எதிர்பார்க்க வேண்டாம். ‘கள்வன்’ என்ற சொல் இரண்டு இடத்தில் வருவதைக் கண்டு, அதனால் என்ன தெரிகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினாலே அது ‘மொ’.

மூன்று விடைகள்

முதல் விடை, மேலே சொன்ன மூன்று பக்கம். 30 வாக்கியங்கள். 24 கதை. இரண்டு பண்புச் சீட்டு. ஓர் அலங்கார மேற்கோள். மீதி மூன்றில் நோக்கம் இருக்கிறது. அதுவும் கதைக்குள் புதைந்திருக்கிறது. ‘அரசியின் ஊடலைத் தீர்க்கும் எண்ணத்திலேயே இருந்ததால் அவன் பொற்கொல்லனை மேலும் கேட்கவில்லை’ என்பது அவற்றில் ஒன்று. வேகமாகப் படித்தால் தவறிப்போகும் வாக்கியம் இது. ஆடல் மகளிரிடம் அரசன் மனம் போனது என்று ஊடி, தலைவலி என்று சொல்லி அரசி எழுந்து போனாள் என்கிறது காப்பியம். அந்தச் சூழலை அரசனின் தவறோடு இணைத்திருப்பது உண்மையான ஆய்வு.

இரண்டாவது விடை ஒன்றேகால் பக்கம். 14 வாக்கியங்கள், ஐந்தாறு ஒற்றுப்பிழை, முடிவுரை இல்லை. கதை ஐந்து வாக்கியம், நோக்கம் ஐந்து, மொழி நான்கு. கண்ணகி அரசனைத் ‘தேரா மன்னா’ என்று விளிப்பதையும், அதற்கு முன்பே ஆணையிடும் இடத்தில் கவிஞர் அவனைத் ‘தேரான் ஆகி’ என்று சொல்வதையும் இவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். கண்ணகியின் குற்றச்சாட்டும் கவிஞரின் சொல்லும் ஒன்றாக இருப்பதால் அது வெறும் கோபச் சொல் இல்லை என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த வாசிப்பு.

மூன்றாவது விடை முதல் விடையைப் போலவே நீளம். 28 வாக்கியமும் கதை. நோக்கமோ மொழியோ ஒரு வாக்கியம்கூட இல்லை.

நியாயமான திருத்தம் என்றால் இரண்டாவது முதலிலும், முதலாவது நடுவிலும், மூன்றாவது கடைசியிலும் வர வேண்டும். எந்த வழி இந்த வரிசையைக் கொடுக்கிறது?

ஒரே எண்

முழுவதும் படித்து மனத்தில் படும் ஒரே எண்ணைப் போடுவது வேகமான வழி. அனுபவமுள்ள ஒருவர், ஒரே அமர்வில், ஒரே கேள்வியைத் திருத்தினால் ஓரளவு சீராகவே போடுவார். ஆனால் கதை சொல்லும் விடையில்தான் இந்த முறை அதிகம் சறுக்கும். நீளம், தெளிவு, பிழையின்மை மூன்றும் முதலில் கண்ணில் படுகின்றன. இல்லாத ஒன்று கண்ணில் படுவதில்லை. முதல் விடைக்கு 13, மூன்றாவதுக்கு 12, ஒற்றுப்பிழையோடு சட்டென்று முடியும் இரண்டாவதுக்கு 11 என்று விழுந்தால் ஆச்சரியமில்லை. வரிசை தலைகீழ். மாணவர் வந்து ‘எனக்கு ஏன் 11’ என்று கேட்டால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

கழிப்பது

‘உள்ளடக்கத்துக்கு 14, கதை சொன்னதற்கு 5 கழிவு, ஆக 9’ என்று போடுவது கண்டிப்பாகத் தோன்றும். ஆனால் இங்கே ஒரு கணக்குத் தவறு இருக்கிறது. ஆய்வு இல்லாததற்கு ஆய்வு மதிப்பெண் ஏற்கெனவே போயிருக்க வேண்டும். அது போகாமல் 14 கொடுத்ததால்தான் கழிக்க வேண்டியதாகிறது. சரியாகக் குறைத்த பிறகும் கழித்தால் ஒரே குறைக்கு இரண்டு தண்டனை. மற்றொரு தீங்கு பிறகு தெரியும். கதை எழுதினால் மதிப்பெண் போகும் என்று பயந்து, அடுத்த முறை மாணவர் எந்த நிகழ்ச்சியையும் குறிப்பிடாமல் பண்புப் பெயர்களை மட்டும் அடுக்குவார். ‘நேர்மையானவன், வீரன், இரக்கமுள்ளவன்.’ சான்றில்லாத அந்த விடை கதை விடையைவிட மோசம். நிகழ்ச்சி ஆய்வுக்கு வேண்டிய பொருள். அதை வைத்திருப்பது குற்றமாகக் கூடாது. இந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

வரம்பு கட்டுவது

‘பெரும்பாலும் கதை என்றால் 20க்கு 8ஐத் தாண்டாது’ என்ற விதி பல பேர் சேர்ந்து திருத்தும் இடத்தில் பயன்படும். 13 போகும் இடத்தில் 8 என்று நிறுத்திவிடும். பெருந்தவறைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் வரம்புக்குக் கீழே எல்லாம் ஒன்றாகிவிடும். முதல் விடைக்கும் 8, மூன்றாவதுக்கும் 8. ஊடலையும் அவசரத்தையும் இணைத்த அந்த மூன்று வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண்கூட வித்தியாசம் கிடைக்காது. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லும் தகராறுக்கு இடம் தரும். பாதிக்குப் பாதி கதை இருக்கும் விடைக்கு வரம்பு உண்டா இல்லையா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், வரம்பைக் கதையின் அளவை வைத்துச் சொல்லாமல் ஆய்வின் இன்மையை வைத்துச் சொல்லுங்கள்: ‘நோக்கமோ மொழியோ ஆராயும் ஒரு வாக்கியமும் இல்லை என்றால் 6க்கு மேல் இல்லை.’ அதைச் சரிபார்க்கலாம்.

கூறுவாரியாகப் போடுவது

இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆனால் கூறுகளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமான அட்டவணை ஒன்றைப் பாருங்கள்: கதையறிவு, அமைப்பு, நடை, நோக்கம், மொழி, ஒவ்வொன்றுக்கும் 4. முதல் விடை கதையறிவில் 4, அமைப்பில் 3, நடையில் 4 வாங்கிவிடும். நோக்கத்தில் 2, மொழியில் 0. மொத்தம் 13. ஒரே எண் போட்டபோது வந்த அதே 13, இப்போது அட்டவணையின் துணையோடு. ஆய்வே இல்லாத மூன்றாவது விடையும் 11 வாங்கிவிடும். ஓட்டை ‘கதையறிவு’ என்ற கூறில் இருக்கிறது. கதையைச் சொன்னாலே சம்பளம் கொடுக்கிறது அது. ‘நடை’க்கு நோக்கத்தோடு சம எடை கொடுத்ததும் தவறு.

மாற்றிப் பிரித்தால் இப்படி வரும். பாத்திரத்தைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்து அதை விடை முழுவதும் நடத்துவதற்கு 4. பொருத்தமான சான்று தேர்வுக்கு 4. கதையறிவு இங்கேதான் அடங்கும், ஆனால் சான்று ஒரு கருத்துக்குத் துணையாக நின்றால்தான் முழு 4. நோக்கத்துக்கு 5. மொழிக்கு 5. அமைப்பு, நடை, எழுத்து எல்லாம் சேர்த்து 2. நோக்கமும் மொழியும் பாதி எடையை எடுத்துக்கொள்கின்றன. கேள்வி கேட்டதும் அதைத்தான்.

நோக்கத்துக்கான 5ஐ எப்படிப் பங்கிடுவது? காரணமே இல்லை என்றால் 0. காரணம் ஒன்று சொல்லி, அதற்கு நூலில் இடம் காட்டாவிட்டால் 1 அல்லது 2. இடம் காட்டினால் 3. ஒன்றோடொன்று மோதும் இரண்டு நோக்கங்களைக் கண்டால் 4: அரசியைச் சமாதானப்படுத்தும் அவசரம் ஒரு பக்கம், கள்வனைத் தண்டிக்கும் கடமையுணர்வு மறுபக்கம். அந்த மோதல் பின்னால் அவன் முடிவை எப்படித் தீர்மானிக்கிறது என்று கொண்டுபோய்ச் சேர்த்தால் 5. மொழிக்கும் இதே படிகள்: சொல்லை எடுக்காவிட்டால் 0, எடுத்துப் பொருள் மட்டும் சொன்னால் 1 அல்லது 2, அந்தச் சொல் பாத்திரத்தைக் காட்டுவதை விளக்கினால் 3, இரண்டு இடங்களை ஒப்பிட்டால் 4, ஒப்பீட்டிலிருந்து பாத்திரத்தில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டினால் 5.

இப்போது மூன்று விடைகளையும் போட்டுப் பார்க்கலாம். முதல் விடை: நிலைப்பாடு 1 (சீட்டு மட்டும்), சான்று 3 (நல்ல மேற்கோளைத் தேர்ந்ததும் இதில் சேரும்), நோக்கம் 2, மொழி 0, அமைப்பு 2; மொத்தம் 8. இரண்டாவது: 3, 3, 4, 4, 1, மொத்தம் 15. மூன்றாவது: 0, 2, 0, 0, 2, மொத்தம் 4. வரிசை சரியாக வந்துவிட்டது, தனியாக வரம்பும் தேவைப்படவில்லை. ஆய்வு இல்லாத விடை எவ்வளவு நன்றாக எழுதினாலும் கணக்குப்படியே 10ஐத் தாண்ட முடியாது. நிலைப்பாடும் இல்லை என்றால் 6.

இந்த முறையிலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘பாண்டியன் ஆராயாததற்குக் காரணம் ஊழ்வினை’ என்று பலர் எழுதுவார்கள். நூலே ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று சொல்வதால் தவறு என்று அடிக்க முடியாது. ஆனால் அது கவிஞர் தரும் விளக்கம்; பாண்டியனின் மனத்தில் இருந்த நோக்கம் இல்லை. அதனால் நோக்கக் கூறில் இதற்கு மதிப்பெண் வேண்டாம், சான்றில் சேர்த்துக்கொள்ளலாம். வினை என்று சொல்லிய அதே வாக்கியத்தில் கவிஞர் ‘தேரான்’ என்றும் சொல்கிறாரே, பழி விதிக்கா அரசனுக்கா என்று ஒருவர் கேட்டிருந்தால், அது மொழிக் கூறில் தாராளமாக 3 அல்லது 4 பெறும். ‘கொல்ல’ என்று சொல்ல வந்தவன் வாய்தவறிக் ‘கொன்று’ என்றுவிட்டான் என்ற உரைவிளக்கத்தை யாராவது எடுத்து எழுதினாலும் இப்படித்தான்: மேற்கோளாக நிறுத்திவிட்டால் சான்று, அதை ஏற்றோ மறுத்தோ பாத்திரத்தோடு இணைத்தால் மொழி.

கூறுவாரி முறைக்கு வேறொரு நோயும் வரும். அட்டவணை மாணவர்களுக்குத் தெரிந்த சில மாதங்களில் ‘இதற்குக் காரணம் என்னவென்றால்’ என்று ஒவ்வொரு பத்தியிலும் வரும். பின்னால் இருப்பது பழைய கதைதான். ‘அவன் காவலரை அழைத்தான், இதற்குக் காரணம் பொற்கொல்லன் வந்து சொன்னதே’ என்பது முந்தைய நிகழ்ச்சி; மனத்துக்குள் இருந்த நோக்கம் இல்லை. காரணம் என்ற சொல்லைப் பார்த்து ‘நோ’ குறிக்காதீர்கள். அந்த வாக்கியத்தில் பாத்திரம் எதையாவது விரும்பியதா, பயந்ததா, மறைத்ததா என்று பாருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து திருத்துவதாக இருந்தால் முதல் மூன்று தாள்களைத் தனித்தனியே போட்டு, மொத்தத்தைப் பார்க்காமல் கூறு கூறாக ஒப்பிட வேண்டும். மொத்தம் ஒன்றாக இருந்து உள்ளே நோக்கத்தில் ஒருவர் 1, மற்றவர் 4 போட்டிருப்பது அடிக்கடி நடக்கும். ஒரு கூறில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த வாக்கியத்தை யார் எப்படிக் குறித்தார்கள் என்று பேசிவிட்டுத்தான் நான்காம் தாளைத் தொட வேண்டும்.

தேர்வா, வகுப்புப் பயிற்சியா

தேர்வு என்றால் கூறுவாரி போட்டு முடிக்க வேண்டியதுதான். ஆனால் கேள்வித்தாளைத் திரும்பப் பாருங்கள். ‘ஆராய்க’ என்று இருந்தால் இந்த அட்டவணை நியாயம். ‘பாத்திரத்தைப் பற்றி எழுதுக’ என்று மட்டும் இருந்தால் கதை சொன்னவர் கேட்டதில் ஒரு பகுதியைச் செய்துவிட்டார். அப்போது சான்றுக்கு 6, நோக்கத்துக்கு 4, மொழிக்கு 4 என்று எடையைத் தளர்த்தி, அடுத்த முறை கேள்வியைத் திருத்திக் கேட்பது முறை. கேள்வியின் குறைக்கு மாணவர் விலை கொடுக்கக் கூடாது.

வகுப்புப் பயிற்சி என்றால் ஐந்தாவது வழியைச் சேர்த்துக்கொள்ளலாம். கூறுவாரி மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தாளில் போடாமல் திருப்பிக் கொடுப்பது. முழு விடையையும் மறுபடி எழுதச் சொல்ல வேண்டாம். பெரும்பாலானவர்கள் அதே கதையை இன்னும் நீளமாக எழுதி வருவார்கள், நாற்பது தாளை மீண்டும் படிக்க உங்களுக்கும் நேரம் இருக்காது. ஒரு பத்தி போதும். ‘கதை மட்டும் உள்ளது, ஆழமாக எழுதவும்’ என்ற குறிப்பால் யாருக்கும் வழி தெரியாது. முதல் விடையின் ஓரத்தில் இப்படி எழுதலாம்: ‘ஊடலால் அவசரப்பட்டான் என்று 9ஆம் வாக்கியத்தில் நல்ல காரணம் சொல்லியிருக்கிறாய். அவன் ஆணையில் “ஆகில்”, “கள்வன்” என்ற இரண்டு சொற்களையும் பார். அந்த அவசரம் எந்தச் சொல்லில் தெரிகிறது? எட்டு வாக்கியத்தில் எழுது. கதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.’

அப்படிக் கேட்டால் வரக்கூடிய பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘சிலம்பு அவன் கையில் இருந்தால் என்று அரசன் நிபந்தனை வைக்கிறான். எனவே அவனுக்கு நீதி தெரியும். ஆனால் பார்க்காத மனிதனைக் கள்வன் என்கிறான். நிபந்தனையைச் சோதிக்கும் வேலையைத் தான் செய்யாமல் காவலரிடம் விடுகிறான். அரசியிடம் போகும் அவசரம் இதில் தெரிகிறது.’ ஐந்து வாக்கியம்தான், நடையும் எளிமைதான். இதைச் சேர்த்தபின் முதல் விடையின் நிலைப்பாடு 1லிருந்து 2க்கும், நோக்கம் 2லிருந்து 3க்கும், மொழி 0விலிருந்து 3க்கும் போகிறது. 8 இருந்த இடத்தில் 13. முதலில் அழகான கையெழுத்துக்கும் நீளத்துக்கும் கொடுக்கத் தோன்றிய அதே 13.